அட்வான்ஸ் சண்டையில் முதலில் திருப்பித் தர வேண்டியது

வீட்டைக் காலி செய்யும் நாள். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. சாவியைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் வாங்க மாடிக்குப் போகிறீர்கள். வாடகை 15,000, அட்வான்ஸ் 45,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகையும், சுவர் ஓட்டைக்கும் உடைந்த வாஷ் பேசினுக்கும் 10,000 ரூபாயும் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார். நீங்கள் முகம் சுளித்ததும் அவர் குரல் ஏறுகிறது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி புது பெயிண்ட் அடிச்சு சாவி கொடுத்தேன். ஆணி அடிச்சு அடிச்சு ஹாலையே நாசம் பண்ணி வச்சிருக்கீங்க. ஒத்தப் பைசா தர மாட்டேன், போங்க!"

இந்த இடத்தில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "சட்டப்படி நீங்க தந்தே ஆகணும் சார்" என்பது. அது உண்மைதான். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, வாடகைதாரர் கொடுக்க வேண்டிய நியாயமான தொகையைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. ஆனால் கத்திக்கொண்டிருப்பவர் காதில் சட்டம் விழாது. மூன்று வருடக் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் தன் வாயை அடைக்கிறார்கள் என்பதுதான் அவருக்குக் கேட்கும். அடுத்து அவர் சொல்வது "கோர்ட்டுக்கே போ" என்பதாகத்தான் இருக்கும்.

அட்வான்ஸை அவர் திருப்பித் தருவதற்கு முன், அவர் சொன்னதை நீங்கள் அவரிடம் திருப்பித் தர வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் ஒரு சிறு நூலில் இப்படிக் கேட்பதற்குப் பெயரிட்டு விளக்கினார்கள். சமரச மையங்களில் உட்காரும் சமரசர்களுக்கும் இதுதான் அடிப்படைப் பாடம். எதிராளி சொன்னதன் சாரத்தையும், அதற்குள் இருக்கும் உணர்ச்சியையும் உங்கள் வார்த்தையில் சொல்லி, சரியா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாய் மூட வேண்டும்.

"புதுசா பெயிண்ட் அடிச்ச வீட்டை எங்ககிட்ட தந்தீங்க. இப்ப ஹாலைப் பார்த்ததும் உங்களுக்கு வயிறெரியுது. அதைத்தானே சொல்றீங்க சார்?"

இதன் பிறகு வரும் நான்கைந்து விநாடி மௌனம் முக்கியமானது. அதை நிரப்பும் அவசரத்தில் "ஆனா" என்று ஆரம்பித்தால் அதுவரை சொன்னது அத்தனையும் அழிந்துவிடும். காத்திருந்தால் அவர் பேசுவார்.

"ஓட்டை கிடக்கட்டும் தம்பி. மாடியிலதானே இருக்கேன். காலி பண்றேன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுறீங்க. ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சண்டையின் அடி இங்கேதான் இருந்திருக்கிறது. ஆணி ஓட்டை அதன் மேல்மூடி. "ஆபீஸ்ல வேலை, அதான்" என்று காரணம் சொல்லாமல், "நேர்ல வந்து சொல்லாதது உங்களுக்கு மனசு கஷ்டமாயிடுச்சு" என்று இதையும் திருப்பிச் சொல்லுங்கள். உண்மையிலேயே வருத்தமாக இருந்தால், "அது தப்புதான் சார்" என்றும் சொல்லலாம். அந்த மன்னிப்பால் உங்கள் பணத்தில் ஒரு ரூபாயும் குறையாது.

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்களா என்பது அவர் பதிலிலேயே தெரியும். "ஆமா, அதான்" என்று குரல் இறங்கினால் தொட்டுவிட்டீர்கள். அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னால் இன்னும் தொடவில்லை, வேறு சொல்லில் முயல வேண்டும். அவர் சொல்லை அப்படியே கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தால் கேலி செய்வதாகத் தோன்றும். "புரியுது, புரியுது" என்பதோ போதும் நிறுத்து என்பதாகத்தான் கேட்கும்.

இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. வாயால் சொன்னாலும் எழுத்தில் தந்தாலும், தனக்கு எதிராக ஒருவர் ஒப்புக்கொண்டதைச் சிவில் வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவரலாம். வீட்டுக்காரரின் மகன் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்துகொண்டிருக்கலாம். அவரைச் சமாதானப்படுத்தும் வேகத்தில் "சரி சார், சுவரை நாசம் பண்ணிட்டோம்" என்று சொன்னால், அது அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஆகாது. குற்றத்தை ஏற்பதாகிவிடும்.

இரண்டையும் பிரித்துக் காட்ட நம் மொழியிலேயே வழி இருக்கிறது. "நாசம் பண்ணிட்டோம்னு சொல்றீங்க" என்னும்போது அந்த 'ன்னு', சொல்லை அவர் பக்கமே வைத்துவிடுகிறது. "உங்களுக்கு வருத்தம்" என்றால் வருத்தம் அவருடையது, அதற்கான காரணத்தை நீங்கள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'நெனைக்கிறீங்க' என்ற சொல்லை மட்டும் தவிர்ப்பது நல்லது. "நாசம் பண்ணிட்டோம்னு நெனைக்கிறீங்க" என்றால் நீ நினைப்பது தப்பு என்ற குத்தல் அதற்குள் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் இந்தப் பேச்சே வேண்டாம். குரல் இல்லாத எழுத்தில் 'ன்னு' கண்ணில் படாது, ஒப்புதல் மட்டும் நிற்கும்.

கோபம் தணிந்த பிறகுதான் கணக்கு. இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். வாஷ் பேசினை உடைத்தது நீங்கள் என்றால் அதை ஏற்பதுதான் நியாயம். பேசினுக்கு 3,000, ஓட்டை அடைக்க 1,500 என்று இருவருக்கும் ஒத்துவந்தால் 4,500 போக மீதி 40,500. பெயிண்டிங் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எடுத்துக் காட்டினால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார்.

எல்லாக் கோபத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதில்லை. கை ஓங்குகிறவரிடமும், குடித்துவிட்டு வந்தவரிடமும் இது செல்லாது. வீட்டைக் காலி செய்யும் முன்பே தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது சட்டப்படியே தடைசெய்யப்பட்ட செயல். அங்கெல்லாம் விலகி வந்து 112-ஐ அழைப்பதுதான் முறை. வேறொரு வகையினர் அமைதியாகப் பேசி, "அடுத்த மாசம் பாக்கலாம் தம்பி" என்று வருடக்கணக்கில் இழுப்பார்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் காலக்கெடு நிற்காது. பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான். பாக்கி இருக்கிறது என்று அந்தக் காலத்துக்குள் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கெடு புதிதாகத் தொடங்கும். வாய்வார்த்தைக்கு அந்த வலு இல்லை.

நேரடிப் பேச்சு முடியாதபோது, வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா குழுவிலோ மனுக் கொடுத்து எதிர்த்தரப்பைப் பேச்சுக்கு அழைக்கலாம். 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம். லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005 முதல் அப்படி ஒரு மையம் இயங்குகிறது. அங்கே பேசுவது ரகசியம். அதனால் மாடிப்படியில் நின்று பேசும்போது காட்ட வேண்டிய எச்சரிக்கை அங்கே தேவைப்படாது, மனம்விட்டுப் பேசலாம்.

மாடியிலேயே தீர்ந்துவிட்டால் ஒரு வெள்ளைத்தாள் போதும். அட்வான்ஸ் 45,000, சேதத்துக்குக் கழித்தது 4,500, திருப்பித் தந்தது 40,500, இனி இருவருக்கும் பாக்கி இல்லை என்று தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.