பழமொழி ஐந்து போதும், இடம் தெரிய வேண்டும்

நம் பிள்ளைகள் மரபுத்தொடர்களையும் பழமொழிகளையும் பெரும்பாலும் பட்டியலாகவே படிக்கிறார்கள். இடப்பக்கம் பழமொழி, வலப்பக்கம் பொருள். தேர்வுக்கு அது உதவும். ஆனால் யார், யாரிடம், எந்த நேரத்தில் அதைச் சொல்வார்கள் என்பது பட்டியலில் இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதற்குப் 'பெரியவர்களும் தவறுவார்கள்' என்று பொருள் எழுதுவோம். எப்போதும் முதலிடம் பெறும் மாணவி ஒரு தேர்வில் பின்தங்கினால் இது ஆறுதல். வண்டி பழகத் தொடங்கி இரண்டே நாளான தம்பி விழுந்தால் இதுவே கேலியாகிவிடும். மரபுத்தொடரும் அப்படித்தான். 'கைகழுவிவிட்டார்' என்றால் பொறுப்பை உதறிவிட்டார் என்று பொருள். வேலையைச் செவ்வனே முடித்தவரைப் பற்றி அப்படி எழுதினால் பாராட்டு பழியாக மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாமாவின் கடை தீப்பிடித்து எரிந்துவிட்டது. அடுத்த வாரமே அவர் நோயில் படுத்துவிட்டார். மருமகள் முறையுள்ள சிறுமி கடிதம் எழுதுகிறாள்: "மாமா, பட்ட காலிலே படும் என்பார்கள். யானைக்கும் அடி சறுக்கும். கவலைப்படாதீர்கள்."

அன்போடுதான் எழுதுகிறாள். ஆனால் முதல் பழமொழிக்கு 'கெட்ட குடியே கெடும்' என்று மறுபாதி உண்டு. அவள் எழுதாவிட்டாலும் மாமாவின் மனம் அதைச் சொல்லி முடித்துவிடும். இரண்டாவது பழமொழியோ, தீ விபத்தை அவருடைய தவறாக்கிவிடுகிறது.

இப்படி எழுதலாம்: "மாமா, செய்தி கேட்டதிலிருந்து உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம்." இதில் பழமொழியே இல்லை, தேவையும் இல்லை. மாமா உடல் தேறி, தள்ளுவண்டியில் சிறிதாக வியாபாரம் தொடங்கி, நாளும் கொஞ்சம் சேமிக்கும்போது 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று எழுதினால் அது பொருந்தும், அவரும் மகிழ்வார்.

ஆகவே மாதத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்வோம்: யார் யாரிடம் சொன்னார், அதற்குமுன் என்ன நடந்தது, கேட்டவர் முகம் எப்படி மாறியது. பழமொழிக்கு மறுபாதி உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்வோம். சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதவும் பழக்குவோம். 'யானைக்கும் கால் வழுக்கும்' என்றால் பொருள் புரியும், பழமொழி இருக்காது.

கட்டுரையில் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றையும் நீக்கிவிட்டுப் படித்துப் பார்க்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால் அது அங்கே தேவையில்லை. எழுதியபின் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், அது வேறோர் இடத்துக்கு உரியது.