மேசையில் இல்லாத இன்னோர் அடுக்கு

கணினி அறிவியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: "ஒரு ஸ்டாக்கில் உள்ள எண்களை வரிசைப்படுத்து. வேறு ஸ்டாக்கோ, அரேயோ பயன்படுத்தக் கூடாது. ரிகர்ஷன் மட்டுமே அனுமதி." படித்தவுடன் மாணவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வெளியே எடுப்பதை வைக்க இடமே தராமல் எப்படி அடுக்குவது? சந்தேகம் நியாயமானது. அதற்கான பதிலில்தான் கேள்வியின் சூட்சுமமே இருக்கிறது.

ஸ்டாக் என்பதை மேசைமேல் கிடக்கும் விடைத்தாள் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தாளை மட்டுமே எடுக்கலாம். புதிய தாளையும் மேலேதான் வைக்க முடியும். நடுவிலிருந்து உருவ அனுமதியில்லை. எடுப்பதற்கு பாப் என்றும் வைப்பதற்கு புஷ் என்றும் பெயர்.

கீழிருந்து மேலாக 30, 10, 40, 20 என்று மதிப்பெண் போட்ட நான்கு தாள்கள் இருக்கின்றன. குறைந்த மதிப்பெண் அடியிலும் அதிக மதிப்பெண் உச்சியிலும் வர வேண்டும். ஓர் ஆசிரியர் மேலே இருக்கும் 20-ஐ எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "மிச்சத்தை நீங்க அடுக்கிக் கொடுங்க சார், இதை நான் அப்புறம் சொருகிக்கிறேன்" என்கிறார். அவர் 40-ஐக் கையில் எடுத்துக்கொண்டு அதே வார்த்தையை மூன்றாமவரிடம் சொல்கிறார். மூன்றாமவர் கையில் 10, நான்காமவர் கையில் 30. ஐந்தாமவர் பார்க்கும்போது மேசை காலி. காலி மேசையில் அடுக்க என்ன இருக்கிறது? "முடிந்தது" என்று சொல்லிவிடுகிறார். ரிகர்ஷன் என்றால் இவ்வளவுதான். ஒரு வேலை தன்னைவிடச் சிறிய அதே வேலையை அழைக்கிறது. எங்காவது ஒரு வேலை அழைக்காமல் நின்றாக வேண்டும்.

இனித் திரும்பும் பயணம். நான்காமவர் 30-ஐ வெறும் மேசையில் வைக்கிறார். மூன்றாமவர் கையிலிருப்பது 10. மேலே கிடக்கும் 30 அதைவிடப் பெரியது. ஆகவே 30-ஐத் தற்காலிகமாக எடுத்து, 10-ஐ வைத்து, அதன்மேல் 30-ஐத் திரும்ப வைக்க வேண்டும். இரண்டாமவரின் 40, 30-ஐவிடப் பெரியது என்பதால் நேராக உச்சிக்குப் போகிறது. கடைசியாக முதலாமவரின் 20. அதற்காக 40 வெளியே வருகிறது, 30 வெளியே வருகிறது. 10-இன்மேல் 20 உட்கார்ந்ததும் 30, 40 இரண்டும் தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன. இப்போது கட்டு 10, 20, 30, 40.

சொருகும் வேலையும் ரிகர்ஷன்தான். 40-ஐ ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வார். 30-ஐ அடுத்தவர் எடுத்து வைத்துக்கொள்வார். ஆகவே விடையில் இரண்டு சார்புகள் வேண்டும். பைத்தானில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
def insert(s, x):
    if not s or x >= s[-1]:
        s.append(x)
        return
    t = s.pop()
    insert(s, x)
    s.append(t)

def sort_stack(s):
    if not s:
        return
    x = s.pop()
    sort_stack(s)
    insert(s, x)
```

இதில் மாணவர்கள் எளிதில் விட்டுவிடக்கூடிய வரி `s.append(t)`. சொருகுவதற்காக எடுத்த தாளைத் திரும்ப வைக்க மறந்துவிடுகிறார்கள். இந்தப் பிழை லேசில் கண்ணில் படாது. நம் உதாரணத்தில் அந்த வரியை விட்டுவிட்டு ஓட்டினால் 10, 20 என்று விடை வரும். ஏறுவரிசை சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 30-உம் 40-உம் காணாமல் போயிருக்கும். அதனால் வரிசையைச் சரிபார்க்கும் முன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நான்கு போனால் நான்கு வர வேண்டும்.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வருவோம். ஐந்தாமவர் பார்த்தபோது மேசை காலி. அப்போது நான்கு தாள்களும் எங்கே இருந்தன? நான்கு பேர் கைகளில். கடைசியாக எடுத்தவர்தான் முதலில் வைக்கிறார். கடைசியில் வந்தது முதலில் வெளியேறும் அந்த ஒழுங்குக்குப் பெயரே ஸ்டாக். கேள்வி தடை செய்த இரண்டாவது ஸ்டாக், மேசையைவிட்டு ஆசிரியர்களின் கைகளுக்கு இடம் மாறியிருக்கிறது.

கணினியிலும் நடப்பது இதுவே. ஒரு சார்பு இன்னொன்றை அழைக்கும்போது, அழைத்த சார்பின் மாறிகளும் திரும்ப வேண்டிய இடமும் நினைவகத்தில் கால் ஸ்டாக் என்ற பகுதியில் அடுக்கப்படும். ரிகர்ஷனை இயக்க இப்படி ஒரு ஸ்டாக் போதும் என்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். `x`, `t` இரண்டும் தங்கியிருப்பது அங்கேதான். கூடுதல் இடம் எவ்வளவு என்று தேர்வில் கேட்டால், தனியாக எதுவும் அறிவிக்கவில்லையே என்று O(1) எழுதுவது தவறு. n எண்களுக்கு O(n) என்பதே சரி.

இது ஏட்டுக்கணக்கு மட்டும் இல்லை. பைத்தானில் அழைப்புகளின் ஆழத்துக்கு வழக்கமான வரம்பு 1000. மேலே உள்ள நிரலுக்கு 1000 எண்கள் கொண்ட ஸ்டாக்கைக் கொடுத்தால் `RecursionError` என்று நின்றுவிடும். நேரமும் கூடுதல்தான். உச்சியில் சிறியதும் அடியில் பெரியதுமாக இருக்கும் கட்டு வந்தால், ஒவ்வொரு தாளும் அடிவரை இறங்க வேண்டும். நான்கு தாளுக்கு 6 ஒப்பீடு, ஆயிரத்துக்கு 4,99,500.

இதற்குத் துணையாக வரும் இன்னொரு கேள்வி, ஸ்டாக்கைக் கொண்டு கியூவைத் தலைகீழாக்குவது. கியூ என்பது டோக்கன் வரிசை. முதலில் வந்தவர் முதலில் போவார். 1, 2, 3, 4 என்று நிற்பவர்களை இன்னொரு கியூவுக்கு மாற்றினால் அதே 1, 2, 3, 4தான் வரும். ஸ்டாக் வழியாக அனுப்பினால்தான் ஒழுங்கு புரளும். முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டாக்கில் போட்டால் 4 உச்சிக்கு வரும். பிறகு உச்சியிலிருந்து எடுத்துக் கியூவின் பின்னால் சேர்த்தால் 4, 3, 2, 1.

எளிதான இந்தக் கணக்கிலும் ஒரு குழி உண்டு. சி++இல் முதல் சுற்றை `i < q.size()` என்ற நிபந்தனையோடு எழுதினால், ஒவ்வொரு முறையும் `i` ஏறும், கியூவின் நீளம் இறங்கும். இரண்டும் நடுவழியில் சந்தித்துச் சுற்று நின்றுவிடும். 1, 2 மட்டும் ஸ்டாக்குக்குப் போய்த் திரும்பி, விடை 3, 4, 2, 1 என்று வரும். பாதி மட்டும் புரண்டிருந்தால் காரணம் இதுதான். `while (!q.empty())` என்று எழுதுவது பாதுகாப்பு.

சில வினாத்தாள்களில் இதையே ஸ்டாக் இல்லாமல் ரிகர்ஷனால் செய்யச் சொல்வார்கள். முன்னால் நிற்பதை எடுத்துக்கொள், மிச்சத்தைப் புரட்டச் சொல், பிறகு எடுத்ததைப் பின்னால் சேர்: மூன்றே வரி. ஸ்டாக்கை நீக்கியும் விடை மாறாமல் வருகிறதே என்று வியப்பவர்கள், அந்த நேரத்தில் யார் யார் கையில் எந்த டோக்கன் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.