முதல் எபிசோடை முதலில் செய்யாதீர்கள்

மெகா சீரியலில் ஒரு நடிகர் விலகிவிட்டால், 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கதையைத் தொடர்ந்துவிடுவார்கள். அனிமேஷன் தொடரில் அந்தத் தொல்லை இல்லை. வரைந்த பாத்திரத்துக்குக் காய்ச்சல் வராது, சம்பளத் தகராறும் வராது. ஆனால் 6 நிமிடக் கதை ஒன்றை ஒரு சின்னக் குழு முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும். எனவே சீசனைத் திட்டமிடுகிறவர் கதையை மட்டும் யோசித்தால் போதாது. எந்தத் திருப்பம் எந்த வாரத்தில் அனிமேட்டர்களின் மேசைக்கு வரும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அனிமேட்டர்கள் உள்ள குழு. எபிசோடுக்கு 6 நிமிடம் வீதம் 8 எபிசோடுகள். கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக வரைந்து இணைத்த பொம்மையைக் கணினியில் அசைக்கும் முறை. இந்தப் பொம்மைக்கு 'ரிக்' என்று பெயர். ஓர் அனிமேட்டர் ஒரு நாளில் 8 விநாடி முடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 நாள், 3 பேர் என்றால் 120 விநாடி. 6 நிமிடம் என்பது 360 விநாடி; ஆக 3 வாரம். திருத்தம், விடுப்பு, கணினிக் கோளாறு ஆகியவற்றுக்கு ஒரு வாரம் சேர்த்தால், எபிசோடுக்கு 4 வாரம்.

கதை, டப்பிங், ஸ்டோரிபோர்டு ஆகியவை இதில் சேரவில்லை. அவற்றை வேறு கைகள் முன்கூட்டியே செய்துகொண்டே போக வேண்டும். ஒரு எபிசோடு அசைந்துகொண்டிருக்கும்போது அடுத்ததன் அனிமேட்டிக் தயாராக இருக்க வேண்டும். ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கும் வரைவுதான் அனிமேட்டிக். முதல் அனிமேட்டிக்கும் ரிக்குகளும் தயாராகவே 8 வாரமாவது ஆகும்.

இப்போது வெளியீட்டுக்கு வருவோம். வாரம் ஒன்று என்று வெளியிட்டால், எட்டாவது எபிசோடு ஏழே வாரத்தில் வந்து நிற்கும். அந்த ஏழு வாரத்தில் இந்தக் குழுவால் முழுதாக முடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அதாவது முதல் நாளிலேயே 7 எபிசோடு கையிருப்பில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் 5 போதும். கடைசி எபிசோடு வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். கையிருப்பில் 4 மட்டுமே இருந்தால், ஏழாவது எபிசோடு சரியாக வெளியீட்டு நாளில்தான் முடியும்; எட்டாவது வெளியீட்டு நாளுக்கு இரண்டு வாரம் பிந்திவிடும். ஒருவருக்குச் சளி பிடித்தால் இன்னும் தள்ளிப்போகும்! முதலில் 8 வாரம், பிறகு 5 எபிசோடுக்கு 20 வாரம் என்று, ஆரம்பித்த ஆறரை மாதம் கழித்துத்தான் முதல் எபிசோடு வெளியே வரும். பலருக்கு இது கசக்கும். கசந்தாலும் கணக்கு இதுதான்.

இந்தக் கட்டத்துக்குள்தான் கதையின் வளைவு உட்கார வேண்டும். நீண்ட கதை வளைவுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் 2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. மூன்று சீசன், 61 எபிசோடு. நாயகன் ஆங்கைத் துரத்துகிற இளவரசன் சூக்கோ முதலில் வெறும் வில்லன். முகத்தில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்பது முதல் சீசனின் பன்னிரண்டாவது எபிசோடில்தான் தெரிகிறது; பார்ப்பவர் மனம் அங்கே லேசாக இளகுகிறது. இரண்டாம் சீசன் முடிவில் திருந்திவிடுவான் என்று நம்பும் நேரத்தில், மாமாவைக் கைவிட்டுத் தங்கை பக்கம் போய்விடுகிறான். மூன்றாம் சீசனின் நடுவில்தான் ஆங்கிடம் வந்து சேர்கிறான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெரிய திருப்பங்கள் சில எபிசோடுகளில்தான் நடக்கின்றன. மற்றவை அந்தந்த எபிசோடோடு முடிகிற கதைகள். இடையில் வந்து உட்காருகிறவருக்கும் புரியும். அந்த மூன்றாம் சீசனில், 2007 நவம்பர் இறுதிக்கும் 2008 ஜூலைக்கும் இடையே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏழு மாதத்துக்கும் மேல் இடைவெளி விழுந்தது. விழுந்த இடம், சூக்கோ அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறிய உடனே. அடுத்து என்ன என்ற கேள்வியோடு ரசிகர்கள் காத்திருந்தார்கள். இடைவெளி எங்கே விழுகிறது என்பதும் கதையின் ஒரு பகுதிதான்.

நம் 8 எபிசோடுக்கு ஒரு கதை வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன ரயில் நிலையம், ஸ்டேஷன் மாஸ்டரின் மகள், ஒரு பூனை, காணாமல்போன சிக்னல்காரத் தாத்தா. முதல் எபிசோடில் தாத்தா இல்லை என்பது மட்டும் தெரியும். மூன்றில் அவருடைய கைவிளக்கு கிடைக்கும். ஐந்தில், பிளாட்பாரத்தில் டீ விற்கிறவருக்கு உண்மை தெரியும் என்பது வெளிப்படும். எட்டில், புயல் இரவில் ரயில் வரும்போது தாத்தா திரும்புவார். மற்ற நான்கும் தனிக் கதைகள்.

புயல், ரயில், மழை எல்லாம் அனிமேட்டரின் நேரத்தை விழுங்கும் சங்கதிகள். அதனால் ஏழாவது எபிசோடு முழுக்க வெயிட்டிங் ரூமில், மகளும் டீக்காரரும் பேசிக்கொண்டிருக்கும் ஓர் இரவு. ஒரே பின்னணி, இரண்டே பேர். அது மூன்றே வாரத்தில் முடிந்தால், மிச்சமாகும் வாரம் புயலுக்குப் போகும். நன்றாக எழுதினால், சீசனிலேயே மனதில் நிற்கிற எபிசோடாக அதுவே அமைந்தாலும் ஆச்சரியமில்லை.

டீக்காரர் முதல் எபிசோடிலேயே வர வேண்டும், வேடிக்கைக்காக மட்டும் வருவதுபோல. ஒரு பாத்திரத்தின் ரிக் என்றால் முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால் பக்கம், பின்பக்கம், உச்சரிப்புக்கு ஏற்ற வாய் வடிவங்கள், கை வகைகள் என்று நாள்கணக்கில் வேலை இருக்கிறது. ஒரே எபிசோடில் வந்து போகிறவருக்கு அதைச் செலவழித்தால் கட்டாது. அவரை நிழலுருவமாகக் காட்டலாம், குரலாக மட்டும் விடலாம். 'அவதார்' தொடரில் முட்டைக்கோஸ் வண்டிக்காரர் ஒருவர் உண்டு. போகிற ஊரிலெல்லாம் அவர் வண்டி உடையும், அவர் அலறுவார். பிறகு வந்த 'தி லெஜண்ட் ஆஃப் கோர்ரா' தொடரில் 'கேபேஜ் கார்ப்' என்று ஒரு நிறுவனமே அவர் பெயரைச் சொல்ல நிற்கிறது. திரும்பத் திரும்ப வருகிற துணைப் பாத்திரம் சிரிப்புக்கும் ஆகும், சிக்கனத்துக்கும் ஆகும்.

செய்யும் வரிசை வேறு, வெளியிடும் வரிசை வேறு. முதலில் செய்யும் எபிசோடில் ரிக் முழங்கையில் பிய்யும், பூனையின் நடை பிடிபடாது. அந்தத் தடுமாற்றம் தொடரின் முகத்தில் தெரியக் கூடாது. அதனால் தனிக் கதையான இரண்டாவதை முதலில் செய்துவிட்டு, கை பழகியபின் முதல் எபிசோடுக்கு வருவது நல்லது.

பிசகுவதை எப்படித் தெரிந்துகொள்வது? வெள்ளிக்கிழமைதோறும் முடிந்த விநாடிகளை எண்ணுங்கள். 120 இருந்தால் சரி. தொடர்ந்து 90 என்றால் எபிசோடுக்கு நான்கு முழு வாரம் ஆகிறது; பாதுகாப்புக்கு வைத்த வாரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் கீழே இறங்கினால், ராத்திரி கண்விழித்து ஈடுகட்டப் பார்க்காமல் அடுத்த அனிமேட்டிக்கில் ஷாட்டுகளைக் குறைக்க வேண்டும். அனிமேட்டிக்கில் ஒரு காட்சியை வெட்டுவது அரை மணி நேர வேலை. அசைத்து முடித்தபின் வெட்டினால் ஒரு வாரச் சம்பளம் குப்பைக்குப் போகும்.

ரசிகர்களிடம் தேதியைச் சொல்ல எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஐந்தாவது எபிசோடு ஒலிக்கலவை உட்பட முடிந்து கையில் இருக்கும்வரை சொல்லாதீர்கள்.