20டபிள்யூ-40: டப்பாவில் இருக்கும் எண் பைக்குக்குள் எத்தனை நாள் நிற்கும்?

முதல் இலவச சர்வீஸுக்குக் கெடு நெருங்கியவர்களின் கடிதங்கள் இந்த முறை காட்டேரிக்குப்பம், திருக்கனூர், வில்லியனூர் பக்கமிருந்து அதிகம். பெரும்பாலும் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். 100 சிசி பைக்கின் கையேட்டில் 10டபிள்யூ-30 ஊற்றச் சொல்லியிருக்கிறது. ஊர் மெக்கானிக்கோ, நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-40தான் தாங்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடிதம் எழுதியவர்களில் பலர், 20 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரைக்குமான ஆயில் என்று அந்த எண்ணைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு எண்ணுமே டிகிரி அல்ல. எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த தர அட்டவணையின் வரிசை எண்கள் அவை. 'டபிள்யூ' ஒட்டிய முதல் எண் கடுங்குளிரில் நடத்தும் சோதனையைச் சொல்கிறது. 20டபிள்யூ என்றால், மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் அளவுக்கு ஆயில் இளகியிருக்க வேண்டும். 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊரில் அந்தச் சோதனைக்கான நிலைமை வரப்போவதே இல்லை.

இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஆயில் தன் எடையாலேயே மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக இறங்க எடுக்கும் நேரத்தை வைத்து அளக்கிறார்கள். அலகு சென்டிஸ்டோக்ஸ். 9.3 முதல் 12.5க்குள் வந்தால் 30. 12.5 முதல் 16.3க்குள் வந்தால் 40.

"குளிரில் 20 போல மெலிசாகவும் சூட்டில் 40 போலக் கெட்டியாகவும் மாறும்" என்று கடையில் சொல்வார்கள். சூட்டில் கெட்டியாகிற இன்ஜின் ஆயில் கிடையாது. சந்தையில் கிடைக்கும் சாதாரண 20டபிள்யூ-40 ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரியில் அது 215 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். ஓடி 100 டிகிரிக்கு வந்ததும் 14 அல்லது 15க்கு இறங்கிவிடும். 10டபிள்யூ-30 அதே 30 டிகிரியில் 110ஐ ஒட்டி இருக்கும், 100 டிகிரியில் 10 சொச்சம். இரண்டுமே பத்து மடங்குக்குக் குறையாமல் இளகுகின்றன. காலையில் கிளப்பும்போது மெல்லிய 10டபிள்யூ-30கூட, கொதிக்கும் 20டபிள்யூ-40ஐவிடப் பல மடங்கு கெட்டி. மல்டிகிரேடு செய்வது இளகும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியமும் இருக்கிறது, என் கவலையும் இருக்கிறது. முதலில் குளிர்ச் சோதனையில் தேறக்கூடிய மெல்லிய அடிப்படை எண்ணெயை எடுக்கிறார்கள். சூட்டில் அது 40க்கான கெட்டியை எட்டாது. அதனால் மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகளான பாலிமரைக் கரைத்துவிடுகிறார்கள். நூலுருண்டை போலச் சுருண்டு மிதக்கும் அந்தச் சங்கிலிகள் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்து, அதைக் கெட்டியாகக் காட்டுகின்றன.

குளிரில் சுருங்கிக்கிடக்கும் இந்த உருண்டை சூட்டில் விரிந்துகொள்ளும் என்பது விளம்பரப் படங்களில் வரும் விளக்கம். சில வகைப் பாலிமர்களுக்கு அது உண்மை. இன்ஜின் ஆயிலில் அதிகம் சேர்க்கப்படும் ஓலிஃபின் வகையோ சூட்டில் அப்படி விரிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது குளிரிலும் சூட்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கெட்டியைக் கூட்டுகிறது. அப்படியும் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. ஆரம்பமே மெல்லிய எண்ணெய் என்பதால் குளிர் முனையில் வரம்பைத் தாண்டுவதில்லை, சூட்டு முனையில் தேவையான அளவுக்கு ஏறிவிடுகிறது.

சிக்கல் அந்தச் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. நீளம் கூடினால் கொஞ்சம் பாலிமரே நிறையக் கெட்டி தரும், தயாரிப்பாளருக்குச் செலவு குறையும். ஆனால் நீளமானதுதான் சீக்கிரம் அறுபடும். அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது. குட்டைச் சங்கிலி உழைக்கும், ஆனால் அதிகமாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்தார்கள் என்று டப்பாவில் எழுதமாட்டார்கள். இரண்டு டப்பாவிலும் 20டபிள்யூ-40 என்றே இருக்கும்.

காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். நம் கியர் பைக்கில் பிஸ்டன், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் அதே முக்கால், ஒரு லிட்டர்தான். பல்லும் பல்லும் கடிக்கும் இடத்தில் அந்தச் சங்கிலிகள் நசுங்கி அறுகின்றன. 14.5இல் தொடங்கிய ஆயில் 15 சதவீதம் இழந்தால் 12.3க்கு வந்துவிடும். 40க்கான கீழ் வரம்பு 12.5. அதாவது 40 என்று காசு கொடுத்து ஊற்றியது, அடுத்த சர்வீஸுக்கு முன்பே 30 ஆகியிருக்கும்.

இதைத் தடுக்கத்தானே ஜாசோ முத்திரை என்று கேட்கலாம். ஜப்பானியர்கள் பைக் ஆயிலுக்கென்றே வகுத்த அந்தத் தரத்தில் அறுபடும் சோதனை இருக்கிறது. டீசல் இன்ஜெக்டரின் நுண்துளை வழியாக ஆயிலைத் திரும்பத் திரும்பப் பீய்ச்சிவிட்டு, மிச்சமிருக்கும் கெட்டியை அளக்கிறார்கள். 40 ரக ஆயிலுக்கு அங்கே குறைந்தபட்சம் 12.0 இருந்தால் போதும். எஸ்ஏஇ வரம்புக்குக் கீழே இறங்கினாலும் ஜாசோவில் தேறிவிடலாம். முத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாத டப்பாவுக்கு அந்த 12.0கூட உறுதி இல்லை என்பதால், பார்த்தே வாங்குங்கள். ஆனால் 40 கடைசிவரை 40ஆகவே நிற்கும் என்று அந்த முத்திரை உறுதி தரவில்லை.

இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட, பொதுவாகப் பாலிமரும் கூடும். சாதாரண மினரல் ஆயிலில் 10டபிள்யூ-40ஐவிட 20டபிள்யூ-40க்குக் குறைவாகவே போதும். நம் ஊரில் குளிர்ச் சோதனைக்கு வேலையில்லாதபோது, அகன்ற இடைவெளிக்காக அதிகக் காசு கொடுப்பதில் பலன் குறைவு. சிந்தடிக்கில் அடிப்படை எண்ணெயே சூட்டைத் தாங்கி மெதுவாக இளகுவதால், இந்தக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது.

மெக்கானிக்குக்கும் கையேட்டுக்கும் வருவோம். வாரண்டி முடியும்வரை கையேட்டில் உள்ள கிரேடுதான். பில்லில் கிரேடை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 10டபிள்யூ-30ஐ நிறுவனங்கள் சொல்வதில் மைலேஜ் கணக்கும் உண்டு, ஏனென்றால் மெல்லிய ஆயிலைத் தள்ள இன்ஜினுக்குச் சக்தி குறைவாகவே செலவாகும். வாரண்டிக்குப் பிறகு, கையேட்டின் வெப்பநிலைப் பட்டியலில் 20டபிள்யூ-40 இருந்தால், மெக்கானிக் சொல்வதில் தப்பில்லை. மைலேஜ் சற்றுக் குறையலாம். இரண்டு பேரில் யார் சொன்னதை ஊற்றினாலும், சொன்ன கிலோமீட்டரில் மாற்றாவிட்டால் கிரேடு நிலைக்காது.

அறுந்துவிட்டது என்பதை விரலில் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விரலில் படுவது 30 டிகிரி ஆயில், வித்தியாசம் தெரிய வேண்டியதோ 100 டிகிரியில். காலில் தெரியும். மாற்றிய புதிதில் வழுக்கிக்கொண்டு விழுந்த கியர், சூடானதும் முரண்டு பிடித்து 'டக்'கென்று விழத் தொடங்கினால், நியூட்ரல் கிடைக்கத் தடுமாறினால், ஆயிலைச் சந்தேகியுங்கள். கிளட்ச் கேபிள் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் இப்படி அறுபடுமா? இன்ஜின் ஆயில் கியர் பற்களுக்குள் போவதில்லை என்பதால் மிகக் குறைவு.

ஸ்கூட்டருக்கான ஜாசோ 'எம்பி' ஆயிலைக் கியர் பைக்கில் ஊற்றலாமா? வேண்டாம், கிளட்ச் வழுக்கலாம். 'எம்ஏ' என்று பார்த்து வாங்குங்கள்.

ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டதா? நிறத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் சம்பந்தமில்லை.

டிராக்டரில்? அங்கே புகைக்கரி சேர்ந்து ஆயில் கெட்டியாகவும் கூடும்; 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை, ஓடிய மணிக்கணக்கு பார்த்து மாற்றுங்கள்.

அவசரத்துக்கு இரண்டு கிரேடைக் கலக்கலாமா? அளவு குறைந்து ஓட்டுவதைவிடக் கலப்பது மேல். அடுத்த வாய்ப்பில் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.