இலையை எழுத்தில் காட்டுவது

"நெல் இலை மஞ்சளாகிக் காய்ந்துபோகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

ஊரில் இருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அதை ஏஐ சாட்டில் போட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால், அவன் கையில் இருக்கும் கருவி படம் வாங்குவதில்லை, எழுத்து மட்டும்தான். அப்போது அவன் தட்டுகிற கேள்வி பெரும்பாலும் இதுதான். பதிலும் வந்துவிடும், நீளமாக, நம்பிக்கையான தொனியில். சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு வரிக்குள் தழைச்சத்துக் குறைபாடு அடங்கும். சாம்பல்சத்துக் குறைபாடு, குலை நோய், பாக்டீரியா இலைக்கருகல், துங்ரோ எல்லாமும் அடங்கும். முதலாவது என்றால் யூரியா போட வேண்டும். குலை நோயோ பாக்டீரியா கருகலோ என்றால் யூரியாதான் நோயைத் தூக்கிவிடும். கேள்வி அதேதான், வைத்தியம் நேர் எதிர்.

படத்தை எழுத்தாக்க உட்காரும்போது கண்ணில் முதலில் படுவதைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். இலையில் அது மஞ்சள். ஆனால் நெல்லுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மஞ்சளாகித்தான் முடிகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் அடையாளம் எதையும் பிரித்துக் காட்டாது. ஒரு நோயில் இருந்து இன்னொன்றில் இல்லாத அடையாளம் எது என்று பார்த்து, அதை முதலில் எழுத வேண்டும். அது பல சமயம் படத்தின் ஓரத்தில், நாம் அசட்டையாக விடும் இடத்தில் இருக்கும்.

நெல்லைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட அடையாளங்களில் முதலாவது, இடம். பாதிப்பு எந்த இலையில்? அடியில் இருக்கும் பழைய இலையிலா, மேலே புதிதாக விரிந்த இலையிலா? தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பற்றாமல் போனால், பயிர் பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைதான் முதலில் வெளிறும். மேலிலைகள் பச்சையாக நிற்க, அடியிலை மட்டும் மஞ்சளானால் பசி என்ற பக்கம் தராசு சாயும். மேலிலைகளிலேயே கருகல் என்றால் நோய்ப் பக்கம் சாயும்.

அடுத்து, ஒரே இலைக்குள் எங்கே? முழுப் பரப்பும் ஒரே சீராக வெளிறியிருக்கிறதா, நுனியில் தொடங்கி இரண்டு ஓரமாகக் கீழே இறங்குகிறதா, நடுப்பரப்பில் தனித்தனிப் புள்ளியா? முதலாவது தழைச்சத்துக் குறைவின் முகம். இரண்டாவதில்தான் குழப்பம். சாம்பல்சத்துக் குறைவும் நுனி, ஓரம் என்றுதான் வரும். பாக்டீரியா கருகலும் அப்படித்தான். ஆனால் பாக்டீரியா கருகலில், காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் எல்லை நேராக இருக்காது, அலை அலையாக வளைந்து போகும். போனில் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் இந்த எல்லைக்கோடு தெரிந்துவிடும். "ஓரம் காய்ந்திருக்கிறது" என்பதோடு "எல்லை அலைபோல் இருக்கிறது" என்ற மூன்று சொற்கள் சேர்ந்தால், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

புள்ளிகள் இருந்தால் வடிவத்தைச் சொல்ல வேண்டும். குலை நோயின் புள்ளி கண் வடிவம்: இரண்டு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு விளிம்பு. செம்புள்ளி நோயின் புள்ளி எள் அளவு, முனை மழுங்கி முட்டை வடிவில், பழுப்பாக, சில நேரம் சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருக்கும். "இலையில் பழுப்புப் புள்ளிகள்" என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். "முனை கூர்மையா, மழுங்கலா? நடுவும் ஓரமும் ஒரே நிறமா?" என்ற இரண்டு கேள்விக்கு விடை எழுதினால் பிரிந்துவிடும். இந்தப் பிரிவு சும்மா அழகுக்கு இல்லை. குலை நோய் தழைச்சத்து மிஞ்சிய வயலை விரும்பும். செம்புள்ளி சத்துக் கெட்ட, மெலிந்த நிலத்தில் அதிகம் வரும்.

அளவைச் சொல்லும்போது "சின்னது", "பெரியது" என்பவை உதவாது. படத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது: இலையின் அகலம். "புள்ளி இலையகலத்தில் பாதி", "கருகல் ஒவ்வொரு ஓரத்திலும் இலையகலத்தில் கால் பங்கு" என்று எழுதினால் யாருக்கும் புரியும். நிறத்தில்தான் எச்சரிக்கை தேவை. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் பச்சையே மஞ்சளாகத் தெரியும். சில போன்கள் நிறத்தைத் தாமே கூட்டிக்கொள்ளும். அதனால் படத்து நிறத்தை நம்பி எழுதாமல், வயலில் நிற்பவரிடம் கேட்டு எழுதுவது நல்லது. "வைக்கோல் நிறம்", "ஆரஞ்சு சாயல்" என்று அவர் சொல்வது படத்தைவிட நம்பகமானது. ஆரஞ்சு சாயலோடு பயிர் குட்டையாகவும் நின்றால் துங்ரோ நினைவுக்கு வர வேண்டும். பச்சைத் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும்.

சொல்லப்போனால், படத்தைவிட எழுத்து மேலான இடமும் ஒன்று உண்டு. ஓர் இலையின் படத்தில் வயல் இல்லை. நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன உரம், எப்போது, மழை காற்று உண்டா, பாதிப்பு வயல் முழுக்கவா திட்டுத்திட்டாகவா, இவை எந்த கேமராவிலும் விழாது. படம் அனுப்ப முடிந்தவர்கள் பலர், படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எழுத உட்கார்ந்தவர் அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

டெல்டாவில் ஒரு சம்பா வயல் என்று வைத்துக்கொள்வோம். மகன் படத்தை விரித்துப் பார்த்து, அப்பாவிடம் பேசியும் முடித்த பிறகு எழுதுவது இப்படி இருக்கலாம்:

"படம் அனுப்ப வழியில்லை, பார்த்ததை எழுதுகிறேன். சம்பா நெல், நட்டு 45 நாள். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலைகளில் பாதிப்பு. அடியிலைகளில் தனியாக மஞ்சள் இல்லை. நுனியில் தொடங்கி இரண்டு ஓரமாகவும் இலை நீளத்தில் பாதி வரை காய்ந்து வைக்கோல் நிறமாக இருக்கிறது. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் எல்லை அலை அலையாக உள்ளது. நடுநரம்பு பச்சை. தனிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. இலை சுருளவில்லை, பூச்சி தென்படவில்லை. பயிரின் உயரம் சரியாக இருக்கிறது. பாதிப்பு திட்டுத்திட்டாக, வாய்க்கால் பக்கம் அதிகம். 10 நாள் முன்பு ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று போட்டோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் காற்றோடு மழை. என்னவாக இருக்கலாம்? இரண்டு மூன்று சாத்தியங்கள் இருந்தால், அவற்றைப் பிரிக்க வயலில் எதைப் பார்க்க வேண்டும்?"

இதில் "இல்லை" என்று முடியும் வாக்கியங்களைக் கவனியுங்கள். புள்ளி இல்லை என்றதும் குலை நோயும் செம்புள்ளியும் பின்னால் போய்விட்டன. அடியிலையில் மஞ்சள் இல்லை என்றது பசியைத் தள்ளிவைத்தது. உயரம் சரி என்றது துங்ரோவை. படம் பார்க்கிறவருக்கு இல்லாதது தானாகத் தெரியும். எழுத்தைப் படிக்கிற கருவிக்குச் சொன்னால்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அது எதையாவது அனுமானித்துக்கொள்ளும். மிஞ்சி நிற்பது பாக்டீரியா இலைக்கருகல். காற்று மழை, மிஞ்சிய யூரியா, வாய்க்கால் பக்கத் திட்டு, மூன்றும் அதற்கே சாட்சி சொல்கின்றன.

கடைசிக் கேள்விதான் இந்தக் கடிதத்தின் உயிர் என்பேன். பாக்டீரியா கருகலுக்கு வயலிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பச்சையும் கருகலும் சேரும் இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைத் தெளிந்த நீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் விட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் கலங்கலான இழை நீரில் இறங்கினால் பாக்டீரியா. சத்துக்குறைவில் இது வராது. எவ்வளவு நல்ல போட்டோவிலும் இந்தத் தகவல் கிடையாது. உறுதியானால் செய்ய வேண்டியது மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்துவது, நீரை வடிப்பது, இந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் பார்த்துக்கொள்வது. குலை நோய்க்கான பூஞ்சைக்கொல்லி வாங்கி அடித்தால் பணம் போவதுதான் மிச்சம். பாக்டீரியா அதற்குச் சாகாது.

ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது: நோயின் பெயரை நீங்களே எழுதாதீர்கள். "குலை நோய் போல இருக்கிறது, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் குலை நோய்க்கான மருந்துப் பட்டியலாகவே வரும். உங்கள் ஊகத்தை மறுத்துப் பேசும் குணம் இந்தக் கருவிகளுக்குக் குறைவு. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பெயர் வைப்பதைப் பதிலுக்கு விடுங்கள். வந்த பதிலைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. நீங்கள் எழுதிய அலை எல்லை, யூரியா, மழை ஆகியவற்றை அது எடுத்துப் பேசியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் சொன்ன ஒற்றை வரிக் கேள்விக்கும் அதே பதில் பொருந்தும் என்றால், உங்கள் விவரங்களை அது பயன்படுத்தவே இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு எழுதியும் சாத்தியம் இரண்டாகவே நின்றால், கருவியோடு மல்லுக்கட்டுவது வீண். ஒரே பயிரில் சத்துக்குறைவும் நோயும் சேர்ந்து வருவது உண்டு. அதை வார்த்தையில் பிரிப்பது கடினம். கருவி சொல்லும் மருந்தளவை அப்படியே எடுத்து டேங்கில் கலக்கவும் கூடாது. அளவுக்கு டப்பாவின் லேபிளும் வேளாண் அலுவலரும்தான் ஆதாரம். பாதித்த தூரை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி, பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோவதுதான் சரி. உடனே போக முடியாதவர்களுக்கு மத்திய அரசின் கிசான் கால் சென்டர் 2004 முதல் நடக்கிறது. 1800-180-1551 கட்டணமில்லா எண், தமிழிலேயே பேசலாம். அங்கேயும் இலையைச் சொல்லால்தான் காட்ட வேண்டும். எழுதி வைத்த அதே பத்து வரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.