அரை சென்டிமீட்டர் எங்கே போகிறது?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ்களைக் காட்டி முடித்து, ஆயுதப்படை மைதானத்தில் அளவுகோலின் கீழ் நிற்கிறார் ஓர் இளைஞர். “169.6” என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சில நாள் கழித்து அரசு மருத்துவமனையில் அளந்தால் 170.1 வருகிறது. வீட்டில் எல்லோரும் முதலில் நினைப்பது காசு விளையாடிவிட்டது என்றுதான். அப்படியும் நடக்கலாம். ஆனால் இருவருமே நேர்மையாக அளந்தும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது வெகு சாதாரணம். ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான், அதை எங்கே தடுக்கலாம் என்றும் கேட்க முடியும்.

முதல் காரணம் அந்த இளைஞரின் முதுகிலேயே இருக்கிறது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே நீர் நிறைந்த வட்டுகள் உள்ளன. நின்றாலும் உட்கார்ந்தாலும் உடல் எடை அவற்றை அழுத்தி நீரை மெல்ல வெளியேற்றுகிறது. படுத்தால் நீர் திரும்ப ஏறுகிறது. அதனால் காலையில் நாம் உயரம், மாலையில் குள்ளம். டிரெல், ரெய்லி, ட்ரூப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒரு நாள் ஏற்ற இறக்கம் சராசரியாக 1.9 செ.மீ. என்று கண்டார்கள். அதைவிட முக்கியமானது, இழக்கும் உயரத்தில் பாதிக்குமேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது.

இதை ஒரு விண்ணப்பதாரர் மேல் வைத்துப் பார்ப்போம். கண் விழித்து எழும்போது, அதிகாலை 4 மணிக்கு, அவர் உயரம் 171 என்று கொள்வோம். 5 மணிக்கு அது ஏறக்குறைய 170 ஆகிவிடும். அதன்பின் இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் 7 மணிக்கு வரிசையில் அவர் முறை வரும்போது 170-ஐத் தாண்ட வழியில்லை. 11 மணிக்கு இன்னும் சற்றுக் கீழே. அதே ஆள், அதே நாள், அதே கருவி. மாறியது வரிசையில் அவர் நின்ற இடம் மட்டுமே.

இன்னொரு பாகுபாடும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ள பையன் இரவு படுத்துத் தூங்கிவிட்டு வருகிறான். தூரத்து ஊரிலிருந்து வருபவன் இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்து, விடியுமுன் கேட்டுக்கு முன்னால் நிற்கிறான். உட்கார்ந்திருக்கும்போதும் வட்டுகள் அழுத்தத்தில்தான் இருக்கின்றன. படுக்கை கிடைக்காதவனுக்கு இரவில் திரும்பவேண்டிய உயரம் முழுதாகத் திரும்புவதில்லை. விளிம்பில் இருப்பவன் என்றால், ஏழ்மையும் தூரமும் அவன் உயரத்தில் சில மில்லிமீட்டரைக் குறைத்துவிடுகின்றன. இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது.

ராணுவத்தின் ஆள்சேர்ப்பு முகாமில் வரிசை வேறு. அங்கே முதலில் 1.6 கி.மீ. ஓட்டம், பிறகு மற்ற உடல்திறன் சோதனைகள், அதன்பின்தான் உயரம், எடை, மார்பளவு. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் முதுகெலும்பை அழுத்துகிறது. குறைவது சிறிய அளவுதான், ஆனாலும் விளிம்பில் இருப்பவனுக்கு அது சிறிது அல்ல. தமிழ்நாடு காவல் துறைத் தேர்வில் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு முன்பே உயரம் அளக்கப்படுகிறது. இந்த வரிசைதான் நியாயமானது என்பேன்.

இனி அளப்பவர் பக்கம் வருவோம். நிற்க வைப்பதிலேயே ஆளுக்கு ஆள் பழக்கம் மாறுகிறது. உடல் அளவீட்டை முறையாகப் பயின்றவர்கள் செய்வது இது: காலணி கழற்றி, குதிகால்கள் சேர்ந்து தரையில் படிய, குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் பலகையைத் தொட நிற்க வேண்டும். கண்குழியின் கீழ் ஓரமும் காதுத் துளையின் மேல் ஓரமும் ஒரே கிடைக்கோட்டில் வருமாறு தலையை வைக்க வேண்டும். அளப்பவர் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் அடியில் கைகளை வைத்து மெதுவாக மேல்நோக்கித் தாங்கி, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க தம்பி” என்பார். அந்த நொடியில் தலைப்பலகையை முடி அழுந்தும்படி இறக்குவார்கள்.

இப்படிச் செய்யும்போது காலை மாலை வித்தியாசமும் ஓரளவு சமன்படுகிறது. மூச்சை இழுக்கச் சொல்லாமல், தலையைத் தாங்காமல், “நேரா நில்லு” என்று மட்டும் சொல்லி அளப்பவரிடம் அதே ஆள் சில மில்லிமீட்டர் குறைவாகவே வருவார். உயரமாகத் தெரிய வேண்டும் என்று பதற்றத்தில் முகவாயை மேலே தூக்குகிறார்கள் பலர். தூக்கினால் உச்சந்தலை பின்னால் சரிந்து உயரம் குறையும். அதைத் திருத்திவிடும் அளப்பவரும் இருக்கிறார், கவனிக்காமல் எழுதிக்கொள்பவரும் இருக்கிறார்.

அடுத்து கண். தலைப்பலகையின் முள், அளவுகோலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளப்பவர் அரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார். அவர் கண் 150 செ.மீ. உயரத்தில். 170-ல் உள்ள முள்ளை அவர் கீழிருந்து மேலே பார்க்கிறார். பார்வைக் கோடு முள்ளைத் தாண்டி அளவுகோலில் படும்போது 4 மி.மீ. மேலே போய்விடும். 169.6 உள்ளவர் அவர் கண்ணுக்கு 170. ஆறடிக்கும் மேற்பட்ட அதிகாரி அதே முள்ளை மேலிருந்து பார்த்தால் உண்மையைவிடக் குறைத்துப் படிப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. குட்டையானவர் ஒரு முக்காலிமேல் ஏறிக் கண்ணை முள்ளின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் இந்தப் பிழை போய்விடும். இவ்வளவு எளிய விஷயம்.

பலகை தரும் பிழையும் உண்டு. உச்சந்தலை சுவரிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. முன்னால் இருக்கும். தேய்ந்த இணைப்பினால் தலைப்பலகை 2 டிகிரி சாய்ந்தால்கூட, தலையைத் தொடும் இடத்துக்கும் அளவுகோலைத் தொடும் இடத்துக்கும் மூன்றரை மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். மண் தரையில் வைத்த கருவியின் அடித்தட்டு சரிந்திருந்தால் இன்னொரு பிழை. காலையில் ஒருமுறை, நடுவில் சிலமுறை, உயரம் திட்டமாகத் தெரிந்த உலோகக் கம்பியை நிறுத்தி அளந்து பார்த்தால் இவை எல்லாம் உடனே தெரிந்துவிடும்.

மின்னணுக் கருவி வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கண்பிழை போய்விடும், உண்மை. ஆனால் மேலிருந்து ஒலியலை அனுப்பி எதிரொலியை அளக்கும் வகைக் கருவிக்கு வெயில் ஒரு சிக்கல். காற்று சூடாக ஆக ஒலி வேகமாகப் போகிறது. காலையில் 30 டிகிரியில் சரிபார்த்த கருவி, தலைக்கு அரை மீட்டர் மேலே தொங்குகிறது. நண்பகலில் 35 டிகிரி ஆனதும், வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளாத கருவியாக இருந்தால், எல்லோரையும் 4 மி.மீ. கூடுதலாகக் காட்டும். தப்பு செய்யும்போதும் தசமப் புள்ளியோடு உறுதியாகக் காட்டும் என்பதால் கேள்வி கேட்கவும் யாருக்கும் தோன்றாது.

எழுதும் கை என்று ஒன்றும் இருக்கிறது. மனிதர்கள் முழு எண்களை நோக்கியே சாய்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ஆள்சேர்ப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், உயரங்கள் முழு அங்குலங்களில் குவிந்துகிடப்பதைக் கண்டார்கள். நம் மைதானத்தில் 169.8-ஐப் பார்க்கும் இரக்கமுள்ளவர் 170 என்பார்; கறாரானவர் 169.5 என்பார். 170 என்ற எல்லை அளப்பவருக்குத் தெரிந்திருக்கும்வரை அந்த எண் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அளப்பவர் எண்ணை மட்டும் உரக்கச் சொல்ல, வேறொருவர் எழுத, தேறினாரா என்பதை மூன்றாமவர் முடிவுசெய்தால் அந்த இழுப்பு குறையும். விண்ணப்பதாரரின் பிரிவு அளப்பவருக்குத் தெரியவே வேண்டாம்.

இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? நன்றாகப் பயின்றவர்களிடமும் சிதறல் இருக்கும். குழந்தைகளின் வளர்ச்சியை ஆறு நாடுகளில் அளந்த உலக சுகாதார நிறுவன ஆய்வில், ஒரே குழந்தையை இருவர் தனித்தனியே அளந்தார்கள். இரு உயரங்களுக்கும் 7 மி.மீ.-க்குமேல் வித்தியாசம் இருந்தால் மட்டுமே மறுபடி அளக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அத்தனை பயிற்சிக்குப் பிறகும் 7 மி.மீ. வரை பொறுத்துக்கொண்டார்கள் என்றால், பல நூறு பேர் வரிசையில் நிற்கும் மைதானத்தில் 169.6-க்கும் 170.1-க்கும் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஒவ்வோர் அளவீட்டின் வழக்கமான சிதறல் 3 மி.மீ. என்று கொண்டு கணக்குப் போடலாம். உண்மையில் 170.2 உள்ள 100 பேரை ஒருமுறை அளந்தால், தகுதி இருந்தும் 25 பேர் தோற்பார்கள். உண்மையில் 169.8 உள்ள 100 பேரில் 25 பேர் தேறிவிடுவார்கள். தோற்றவர்களை மட்டும் மறுபடி அளப்பதாக வைத்துக்கொள்வோம். 170.2 உள்ளவர்களில் 6 பேர்தான் கடைசியில் வெளியேறுவார்கள், நல்லது. ஆனால் 169.8 உள்ளவர்களில் 44 பேர் உள்ளே வந்துவிடுவார்கள். மறு அளவீடு எப்போதும் தாராளத்தின் பக்கம் சாயும்.

அந்தத் தாராளம் எனக்குத் தவறாகப் படவில்லை. 2 மி.மீ. குறைந்தவர் மோசமான காவலர் ஆகிவிட மாட்டார். தவறு வேறிடத்தில் இருக்கிறது: மறு அளவீடு, கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் தேர்வில், உயரத்தில் தோற்றவர் மைதானத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அவர் முடிவே இறுதி. இது தெரியாத கிராமத்துப் பையன் தலைகுனிந்து கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறான். பிறகு விஷயம் தெரிந்து நீதிமன்றம் போய், வேறொரு நாள், வேறொரு நேரத்தில், வேறு கருவியில் அளந்து 170.1 வாங்கினாலும், அந்த எண் முதல் எண்ணைப் பொய்யென்று நிரூபிப்பதில்லை. இரண்டும் வேறு வேறு நிலைமைகளில் எடுத்தவை.

எல்லைக்கு இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்குள் வரும் ஒவ்வொருவரையும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதல் எண்ணைப் பார்க்காத இரண்டாமவர் உடனே அளக்க வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை அளந்து, மூன்றில் நடு எண்ணை எடுக்கலாம். 170-க்குச் சற்று மேலே வந்தவரையும் இதில் சேர்த்தால்தான் தாராளம் ஒருபக்கமாகச் சாயாது. பெரும்பாலோர் எல்லைக்கு வெகு தொலைவில் இருப்பார்கள் என்பதால் வேலையும் அதிகமாகிவிடாது.

அதுவரை, 170-ஐ ஒட்டி நிற்கும் தம்பிகள் செய்யக்கூடியவை சில உண்டு. முந்தைய நாளே போய், கிடைத்த இடத்தில் கால் நீட்டிப் படுத்து உறங்குங்கள். வரிசையில் காத்திருக்கும்போது இடம் கிடைத்தால் உட்காருவதைவிடப் படுப்பது மேல். பலகைக்கு முன்னால் முகவாயைத் தூக்காதீர்கள். எதிரே கண் மட்டத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள், மூச்சை இழுத்து நிறுத்துங்கள். எண்ணைச் சொன்னதும் “சார், பதிவேட்டில் எவ்வளவு எழுதியிருக்கு?” என்று மரியாதையாகக் கேளுங்கள். குறைவாக வந்திருந்தால், மேல்முறையீடு யாரிடம் என்று விசாரித்து, மைதானத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிக் கொடுங்கள்.