ஒரே வினை, வேறு கரைப்பான்

1-புரோமோபியூட்டேனையும் சோடியம் அசைடையும் மெத்தனாலில் கலந்தால் வினை நத்தைபோல ஊரும். அதே வினையை டைமெதில் சல்ஃபாக்சைடில் செய்தால் வேகம் ஏறத்தாழ 1,300 மடங்கு கூடுகிறது. வினைப்பொருள்கள் மாறவில்லை, கரைப்பான்தான் மாறியது.

மெத்தனாலில் ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் இருக்கிறது. அது எதிர்மின் அசைடு அயனியை ஹைட்ரஜன் பிணைப்பால் சூழ்ந்துகொள்கிறது. இந்தக் கூட்டை உதறிவிட்டுத்தான் அசைடு கார்பனைப் பின்புறமிருந்து தாக்க முடியும். டைமெதில் சல்ஃபாக்சைடில் அப்படிப்பட்ட ஹைட்ரஜன் இல்லை. அதன் ஆக்சிஜன் சோடியத்தைப் பிடித்துக்கொள்ள, அசைடு ஏறக்குறைய சுதந்திரமாகத் திரிகிறது. இரு மூலக்கூறுகள் ஒரே படியில் மோதும் வினைக்கு இதுவே வேண்டியது.

மூவிணைய பியூட்டைல் குளோரைடில் கதை தலைகீழ். மூன்று மெத்தில் தொகுதிகள் பின்வழியை அடைத்துவிடுவதால், குளோரைடு தானே முதலில் பிரிந்து போக வேண்டும். அந்த மெதுவான படிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தாக்கும் பொருளை இருமடங்காக்கினாலும் வேகம் கூடாது; ஒற்றை மூலக்கூறு வினையை அடையாளம் காண இது நல்ல சோதனை. பிரியும் குளோரைடை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்க நீர் வேண்டும். எத்தனாலைவிட நீரில் இந்த வினை சுமார் ஒரு லட்சம் மடங்கு வேகம்.

டைமெதில் சல்ஃபாக்சைடுக்கு ஒரு தொல்லை உண்டு: கொதிநிலை 189 டிகிரி செல்சியஸ். வினை முடிந்தபின் அதைக் காய்ச்சி விரட்டுவது எளிதல்ல. நிறைய நீர் ஊற்றித்தான் கழுவுகிறார்கள்.